தமிழ் வழியில் படித்தவர் செல் பகுப்பை ஆங்கிலத்தில் பிடிப்பது எப்படி?

கேள்வி: "பிளஸ் டூ வரை தமிழ் வழியில் உயிரியல் படித்தேன். இப்போது பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் எல்லாமே ஆங்கிலம். செல் பற்றிய பாடம் எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஆங்கிலத்தில் கேட்கும்போது எதுவும் பிடிபடவில்லை. தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து எப்படிப் படிப்பது? அகராதியை வைத்து மனப்பாடம் செய்தால் போதுமா?"

போதாது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம் என்று இரண்டு பத்தி எழுதி மனப்பாடம் செய்யும் மாணவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் செல் உயிரியல் நடத்துகிறேன். முதலாண்டு வகுப்பில் பெரும்பாலோர் தமிழ் வழியில் வந்தவர்கள். அந்தப் பட்டியல் தேர்வுக்கு முந்தைய நாள் வரை நினைவில் நிற்கும், வகுப்பில் ஆசிரியர் வேகமாகப் பேசும்போது உதவாது. உங்களுக்கு வேண்டியது, ஆங்கிலச் சொல் காதில் விழுந்தவுடன் நீங்கள் ஏற்கெனவே படித்த படம் கண்ணில் வருவது. அதற்கு முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் உட்கரு, பசுங்கணிகம், சவ்வூடு பரவல் போன்றவை முழுத் தமிழ்ச் சொற்கள். இவற்றுக்கு ஆங்கிலத்தில் நியூக்ளியஸ், குளோரோபிளாஸ்ட், ஆஸ்மோசிஸ் என்று வேறு சொற்களைப் புதிதாகக் கற்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இவை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், சைட்டோபிளாசம், குரோமோசோம் போன்றவை ஆங்கிலச் சொற்களே தமிழ் எழுத்தில் இருப்பவை. இவற்றில் எழுத்துக்கூட்டும் உச்சரிப்பும் மட்டும்தான் பாக்கி. மூன்றாவது வகை எந்தக் கலைச்சொல் அகராதியிலும் இருக்காது. கண்டென்ஸ், அலைன், மைக்ரேட் போன்ற சாதாரண ஆங்கில வினைச்சொற்கள்தான் அவை. வகுப்பு புரியவில்லை என்று வருகிற மாணவரிடம் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று விசாரித்தால், பத்தில் ஏழெட்டு முறை இந்த மூன்றாவது வகைச் சொல்லில்தான் நின்றிருப்பார். அறிவியல் சொல் புரியவில்லை என்று அவரே தவறாக எண்ணிக்கொண்டிருப்பார்.

எல்லா அத்தியாயங்களையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். செல் பகுப்பை மட்டும் முதலில் எடுங்கள் என்பது என் யோசனை. ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் அதிகம் குழப்புகிற இடம் அதுதான். அதை முடித்தால் சொற்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் கைக்கு வந்துவிடும்.

முதல் குழப்பம் காதில் தொடங்குகிறது. நம் புத்தகங்களில் மைட்டாசிஸ், மியாசிஸ் என்று அச்சாகியிருக்கும். அப்படிப் படித்தால் இரண்டும் வெவ்வேறாக ஒலிக்கும். கல்லூரியில் ஆசிரியர் சொல்வதோ மைட்டோசிஸ், மையோசிஸ். இரண்டும் 'மை' என்றே தொடங்குவதால், மியாசிஸ் என்ற ஒலியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர் மையோசிஸ் என்பதையும் மைட்டோசிஸ் என்றே கேட்டுக்கொள்கிறார். பிறகு வரும் கால் மணி நேரப் பாடமும் தலைகீழாகிவிடும். இதற்கு ஒரே வழி, நடுவில் 'ட்' கேட்கிறதா என்று கவனிப்பது. எழுதும்போதும் வேறுபாடு உண்டு. மைட்டோசிஸ் எம், ஐ, டி என்று தொடங்கும். மையோசிஸ் எம், இ, ஐ, ஓ என்று தொடங்கும். இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பத்து முறை கையால் எழுதுங்கள். கூச்சப்பட வேண்டிய வேலை இல்லை இது.

அடுத்து, இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். வால்தர் ஃபிளெமிங் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் சாயமேற்றிய செல்களில் நூல் போன்ற அமைப்புகள் தோன்றிப் பிரிவதைக் கண்டு, 1882இல் அதற்கு மைட்டோசிஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் மிடோஸ் என்றால் நூல், இழை. 1888இல் வால்டேயர் அந்த நூல்களுக்குக் குரோமோசோம் என்று பெயர் வைத்தார். குரோமா என்றால் நிறம், சோமா என்றால் உடல். சாயத்தை நன்றாக ஏற்றுக்கொள்ளும் உடல் என்பது பொருள். 1898இல் கார்ல் பெண்டா, இழையாகவும் மணியாகவும் தெரிந்த வேறொரு உறுப்புக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் கொடுத்தார். 1905இல் ஃபார்மர், மூர் என்ற இருவர் மையோசிஸ் என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். அதற்குக் குறைதல் என்று பொருள். உங்கள் புத்தகத்திலேயே குன்றல் பகுப்பு என்று இருக்கிறதே, அது இதன் நேர்ப்பொருள்தான். குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குன்றுகிற பகுப்பு என்று தமிழில் பதிந்துவிட்டால், மையோசிஸ் என்ற ஒலிக்கு ஒரு பிடிமானம் கிடைத்துவிடும்.

இந்த இடத்தில் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் நமக்குப் பெரிய உதவி. அங்கே செல்லைக் கலம் என்பார்கள். குரோமோசோம் நிறமூர்த்தம், மைட்டோகாண்ட்ரியா இழைமணி, மைட்டோசிஸ் இழையுருப்பிரிவு. கிரேக்க வேர்களை அப்படியே தமிழில் கொண்டுவந்திருக்கிறார்கள். மைட்டோசிஸ், மைட்டோகாண்ட்ரியா இரண்டிலும் வரும் 'மைட்டோ' ஒன்றே என்பதை இழை என்ற சொல் காட்டிக்கொடுக்கிறது. தேர்வில் இவற்றை எழுதச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் திருத்துபவருக்குப் புரியாமலும் போகலாம். ஆங்கிலச் சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் விளக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'புன்' என்ற முன்னொட்டு. புன் என்றால் சிறிய. நியூக்ளியோலஸ் புன்கரு, வாக்குவோல் புன்வெற்றிடம், சென்ட்ரியோல் புன்மையத்தி, ஆர்கனெல் புன்னங்கம். நான்கிலும் ஆங்கிலச் சொல்லின் கடைசியைப் பாருங்கள்: ஓலஸ், ஓல், எல். இவை எல்லாம் சிறியது என்பதைச் சொல்லும் விகுதிகள். நியூக்ளியஸ், நியூக்ளியோலஸ் இரண்டில் எது உள்ளே இருக்கிற சின்னது என்று இனி உங்களுக்குச் சந்தேகம் வராது.

இப்போது உண்மையில் மதிப்பெண் போகிற இடத்துக்கு வருவோம். குரோமாட்டின், குரோமோசோம், குரோமாட்டிட். இந்த மூன்றையும் சொற்களாக மனப்பாடம் செய்தவர் கட்டாயம் மாற்றி எழுதுவார். வெங்காய வேர்நுனியை வைத்துப் பார்ப்போம். செய்முறை வகுப்பில் நீங்களே செய்யப்போகிற பயிற்சிதான் அது. வெங்காயத்தின் உடற்செல் ஒவ்வொன்றிலும் 16 குரோமோசோம்கள் உண்டு. பகுப்புக்கு முன் இருக்கும் இடைநிலையில், அதாவது இன்டர்ஃபேஸில், உட்கருவுக்குள் தனித்தனிக் குரோமோசோம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சாயமேறிய ஒரு மூட்டம் போலத்தான் இருக்கும். டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த அந்தப் பொருளுக்குத்தான் குரோமாட்டின் என்று பெயர். அதை எண்ண முடியாது.

இடைநிலையின் நடுப்பகுதியில் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது. பிறகு பகுப்பு தொடங்கும்போது குரோமாட்டின் சுருண்டு தடித்து, எண்ணக்கூடிய 16 குரோமோசோம்களாகத் தெரிகிறது. ஒவ்வொன்றும் இரண்டு இழைகள் ஒட்டிய நிலையில் இருக்கும். அந்த இழை ஒவ்வொன்றும் ஒரு குரோமாட்டிட். ஆக, இப்போது குரோமோசோம் 16, குரோமாட்டிட் 32. இலங்கையில் குரோமாட்டிட்டை அரைநிறவுரு என்பார்கள். 'அரை' என்ற சொல்லே கணக்கைச் சொல்லிவிடுகிறது. பிறகு அனாஃபேஸில் ஒட்டியிருந்த இரண்டும் பிரிகின்றன. பிரிந்த கணத்திலிருந்து ஒவ்வொன்றையும் முழுக் குரோமோசோம் என்றே எண்ண வேண்டும். அதனால் அந்த நேரத்தில் செல்லுக்குள் 32 குரோமோசோம்கள் இருக்கும், ஒரு துருவத்துக்கு 16 வீதம். முடிவில் இரண்டு சேய் செல்களுக்கும் 16, 16. அனாஃபேஸில் எத்தனை குரோமோசோம் என்ற கேள்விக்கு 16 என்று எழுதுபவருக்குப் பாடம் தெரியாது என்று நான் நினைப்பதில்லை. குரோமாட்டிட் எந்தக் கணத்தில் பெயர் மாறுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எண்ணுவதற்கு ஒரு விதி போதும்: சென்ட்ரோமியர் எத்தனையோ, குரோமோசோம் அத்தனை.

சென்ட்ரோமியர் என்றதும் அடுத்த கூட்டம் வந்து நிற்கிறது. சென்ட்ரோமியர், சென்ட்ரியோல், சென்ட்ரோசோம். மூன்றிலும் மையம் இருக்கிறது, ஆனால் இடம் வேறு. சென்ட்ரோமியர் குரோமோசோமின் மேலேயே உள்ள ஒரு பகுதி. மெரோஸ் என்றால் பகுதி. சென்ட்ரியோல் குரோமோசோமில் இல்லை, அது சைட்டோபிளாசத்தில் இருக்கும் சிறு உருளை. இரண்டு சென்ட்ரியோல்களும் சுற்றியுள்ள பொருளும் சேர்ந்தது சென்ட்ரோசோம். இதைச் சரிபார்க்கவும் வெங்காயம் உதவும். வெங்காயச் செல்லில் சென்ட்ரியோல் கிடையாது, உயர் தாவரங்களுக்கு அது இல்லை. ஆனாலும் கதிர்கோல் இழைகள் உண்டாகின்றன, சென்ட்ரோமியரைப் பிடித்து இழுக்கின்றன, பகுப்பு ஒழுங்காக நடக்கிறது. சென்ட்ரியோல் இல்லாமல் வெங்காயம் பகுப்படைகிறது, சென்ட்ரோமியர் இல்லாமல் முடியாது. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்து சொல்லத் தெரிந்தால் இரண்டும் இனி மாறாது.

பகுப்பின் நான்கு நிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரோ என்றால் முன், டீலோ என்றால் முடிவு, அனா என்றால் மேல்நோக்கி. மெட்டாஃபேஸில் குரோமோசோம்கள் நடுத்தளத்தில் நிற்பதால், மெட்டா என்றால் நடு என்று பல வழிகாட்டி நூல்களில் எழுதியிருப்பார்கள். நினைவுக்குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் கிரேக்கத்திலிருந்து வந்த மெட்டாவுக்குப் பெரும்பாலும் பின், அடுத்து, மாற்றம் என்றே பொருள். இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் பிறகு மெட்டாஸ்டாசிஸ், மெட்டாமார்ஃபோசிஸ் போன்ற சொற்கள் வரும்போது அவற்றில் எங்கே நடு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இனி மூன்றாவது வகை. செல் பகுப்பைப் பற்றி ஆங்கிலத்தில் யார் எழுதினாலும் ஏறக்குறைய ஒரே வினைச்சொற்களைத்தான் சுழற்றுவார்கள். புரோஃபேஸில் குரோமோசோம்கள் கண்டென்ஸ் ஆகும்: சுருண்டு தடிக்கும். மெட்டாஃபேஸில் அலைன் ஆகும்: வரிசையில் நிற்கும். அனாஃபேஸில் செபரேட் ஆகி, துருவங்களை நோக்கி மைக்ரேட் ஆகும்: பிரிந்து நகரும். டீலோஃபேஸில் உட்கரு உறை ரீஃபார்ம் ஆகும்: மீண்டும் உருவாகும். இந்த ஐந்தையும் அந்தந்த நிலையின் படத்துக்குக் கீழே எழுதிவிட்டால், ஒரு முழு வகுப்பின் எலும்புக்கூடு கையில் இருக்கிறது. இவற்றோடு, தெரிந்த சொல் போலத் தோன்றி ஏமாற்றுபவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டாட்டர் செல் என்றால் சேய் செல், அதில் ஆண் பெண் என்ற பேச்சே இல்லை. டிஷ்யூ என்றால் திசு. ஸ்டெய்ன் என்பதைக் கறை என்று கேட்டு விழிப்பார்கள். ஆய்வகத்தில் அது சாயம், அல்லது சாயமேற்றுதல்.

நடைமுறையில் இதைச் செய்ய உங்களுக்குப் புதுப் புத்தகம் எதுவும் தேவையில்லை. தமிழ்நாட்டு அரசின் பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் நூலின் தமிழ் வழிப் பதிப்பையும் ஆங்கில வழிப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே பாடத்திட்டம், ஒரே பாட வரிசை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. செல் சுழற்சிப் பாடத்தில் முதலில் தமிழில் ஒரு பத்தியைப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று ஒரு படம் வரையுங்கள். பிறகு அதே பத்தியை ஆங்கிலத்தில் படியுங்கள். அகராதியை எடுக்காமலே, படத்தை வைத்து எத்தனை சொற்களின் பொருள் பிடிபடுகிறது என்று பாருங்கள். பிடிபடாதவற்றை மட்டும் தேடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும். அதற்கு மேல் எடுத்தால் படம் வரைவதை விட்டுவிட்டு மறுபடியும் பட்டியல் எழுதத் தொடங்கிவிடுவீர்கள்.

குறிப்பேட்டிலும் படம்தான் நடுவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டோடு எழுதி, அதன் கீழே உங்கள் புத்தகத்தின் தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். பன்மையையும் சேர்த்துவிடுங்கள். தமிழில் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்றுக்கும் பலவற்றுக்கும் எழுதிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் ஒன்று மைட்டோகாண்ட்ரியான், பல மைட்டோகாண்ட்ரியா. பன்மையின் மேல் இன்னொரு எஸ் சேர்ப்பது திருத்துபவர் கண்ணில் உடனே படும். எழுத்துக்கூட்டில் தமிழ் எழுத்து மறைத்துவிடும் ஒன்றையும் கவனியுங்கள். குரோமோ, காண்ட்ரியா இரண்டிலும் வரும் 'க' ஒலிக்கு ஆங்கிலத்தில் கே வராது, சி, ஹெச் என்ற இரண்டெழுத்து வரும். கேரியோ என்று தொடங்கும் சொற்களில்தான் கே. ஒரு வாரம் கழித்து, சொற்கள் இல்லாத வெறும் படத்தை வரைந்து, ஆங்கிலச் சொற்களை மட்டும் நிரப்புங்கள். நிரப்ப முடியாத கோடுதான் அடுத்த வாரத்தின் பாடம்.

வேர்ச்சொல் வழிக்கு ஓர் எல்லை இருக்கிறது. பெயர் வைத்தவர் என்ன கண்டாரோ அதைத்தான் வேர் சொல்லும்; அந்த உறுப்பு என்ன செய்கிறது என்று சொல்லாது. இழைமணி என்பதிலிருந்து ஆற்றல் உற்பத்தியை ஊகிக்க முடியாது. சில நேரம் வேர் தவறான இடத்துக்கே கொண்டுபோகும். லைசிஸ் என்றால் சிதைவு என்று படித்தவர், பிளாஸ்மோலிசிஸ் என்றால் பிளாஸ்மா சிதைந்துபோவது என்று எழுதுகிறார். சில தமிழ் நூல்களில் பிளாஸ்மா சிதைவு என்றே அச்சாகியும் இருக்கிறது. ஆனால் அங்கே எதுவும் சிதைவதில்லை. அடர்ந்த உப்புக் கரைசலில் இட்ட தாவரச் செல்லிலிருந்து நீர் வெளியேறி, உள்ளிருக்கும் புரோட்டோபிளாசம் சுருங்கிச் செல் சுவரை விட்டு விலகுகிறது, அவ்வளவுதான். ஆரம்ப நிலையில் செல்லை நீரில் இட்டால் பழையபடி விரியும். லைசிஸ் என்பதற்குத் தளர்தல், விடுபடுதல் என்ற பொருளும் உண்டு. இங்கே பொருந்துவது அது. ஆகவே வேரை வைத்து ஊகித்த பொருளைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

தமிழ்ச் சொற்கள் நூலுக்கு நூல் மாறுவதைக் கண்டும் குழம்ப வேண்டாம். உயிரணு, செல், கலம் மூன்றும் ஒன்றே. நியூக்ளியஸை நாம் உட்கரு என்போம், இலங்கையில் கரு என்பார்கள். நம்மிடம் கரு என்றால் பெரும்பாலும் வயிற்றில் வளரும் கரு. தேர்வைத் தமிழில் எழுத உங்கள் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தால், பாடநூல் சொல்லை மட்டும் பயன்படுத்தி, முதல் முறை வருமிடத்தில் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

முதல் பருவம் முடிவதற்குள் சைக்ளின் போன்ற புரதங்களின் பெயர்களும், எழுத்தும் எண்ணுமாக வரும் மரபணுப் பெயர்களும் வரத் தொடங்கும். அவற்றில் பலவற்றுக்குத் தமிழில் ஈடு தேட வேண்டியதில்லை, தேடினாலும் பயன் குறைவு. சைக்ளின் மட்டும் விதிவிலக்கு: செல் சுழற்சியில் அதன் அளவு ஏறி இறங்குவதால் வந்த பெயர் என்பதால் சுழற்சி என்ற சொல்லோடு சேர்த்து நினைவில் வைக்கலாம். மற்றவற்றை அவை வேலை செய்யும் இடத்தில், நீங்கள் ஏற்கெனவே வரைந்த செல் சுழற்சி வட்டத்தின் மேலேயே, ஆங்கிலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.